ஆதி தாளத்துக்கு எத்தனை விரல் வேண்டும்?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் இசை ஆசிரியையாக இருக்கிறேன். ஆறாம் வகுப்பில் 34 பிள்ளைகள். அதில் ஒரு பையனுக்கு மூளை முடக்குவாதம். வாக்கர் பிடித்து நடப்பான். இடது கை மடங்கியே இருக்கும், வலது கையும் மெதுவாகத்தான் வரும், விரல் எண்ண வராது. இன்னொரு பெண்ணுக்கு ஒரு காதில் காக்ளியர் இம்பிளான்ட். பேசினால் நன்றாகப் புரிந்துகொள்கிறாள், ஆனால் சரளி வரிசையில் சுருதி சேரவே இல்லை. இரண்டு பேர் கையிலும் ஜால்ராவைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை. தலைமையாசிரியர், "ரெண்டு பேருக்கும் ஏ கிரேடு போட்டு விட்டுடுங்க டீச்சர்" என்கிறார். ஆண்டு விழாவுக்குக் கோலாட்டம் வேறு வைத்திருக்கிறோம். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம் டீச்சர். முதல் வேலையாக அந்த ஜால்ராவை வாங்கி அலமாரியில் வையுங்கள். "ஒன்றும் வராத பிள்ளைக்கு ஜால்ரா" என்று நம் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. உங்கள் வகுப்பில் அந்த இருவருக்கும்தான் அது கொஞ்சமும் ஒத்துவராத கருவி. இரண்டு கையும் ஒரே நேரத்தில், ஒரே விசையில் சந்தித்தால்தான் ஜால்ரா ஒலிக்கும். பையனால் முடியாததும் அதுதான். பெண்ணின் நிலைமை வேறு. அவளுக்குக் கேட்பதெல்லாம் காதுக்குப் பின்னால் இருக்கும் ப்ராசஸரின் மைக் வழியாகத்தான். அதற்கு ஒரு முழ தூரத்தில் வெண்கலம் ஓயாமல் அடித்தால், கருவி தானாகவே ஒலியளவைக் குறைத்துக்கொள்ளும். அதோடு சேர்ந்து உங்கள் குரலும் அமுங்கிப் போகும். பாடம் நடத்தும்போது அவள் கவனிப்பதில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் இந்த ஜால்ராதான் காரணமாக இருக்கலாம்.

ஆதி தாளத்தையே எடுத்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளுக்கும் பதில் சொல்கிறேன். மற்றப் பாடங்களுக்கும் இதே வழியில் நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஆதி தாளம் கற்பிக்கும்போது பிள்ளைக்கு என்ன வரவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்? எட்டு எண்ணிக்கையும் சம இடைவெளியில் வரவேண்டும். அது நாலு, ரெண்டு, ரெண்டு என்று பிரிவது மனதில் நிற்கவேண்டும். சுற்றி வந்து சமத்தில் விழத் தெரியவேண்டும். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று கை செய்வதெல்லாம் இந்தக் கணக்கை வெளியே காட்டும் ஏற்பாடு. விரலைத் தனித்தனியாக மடக்குவது மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு மிகக் கடினமான வேலைகளில் ஒன்று. விரல் வரவில்லை என்பதால் தாளம் வரவில்லை என்று எழுதினால், நீங்கள் மதிப்பிட்டது அவன் தசையை.

அந்தப் பையனுக்கு 1, 5, 7 என்ற மூன்று தட்டுகளை மட்டும் கொடுங்கள். லகுவின் தட்டு ஒன்று, இரண்டு திருதங்களின் தட்டு இரண்டு. ஒரு எண்ணிக்கைக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், முதல் தட்டுக்கும் அடுத்ததற்கும் நாலு நொடி, அதன்பின் இரண்டிரண்டு நொடி அவகாசம் கிடைக்கும். அது போதவில்லை என்றால் எண்ணிக்கைக்கு ஒன்றரை நொடியாக வகுப்பையே இறக்குங்கள். இந்த வகைத் தசை இறுக்கத்துக்கு ஒரு குணம் உண்டு: எவ்வளவு வேகமாக அசைக்கிறோமோ அவ்வளவு அதிகமாக இறுகும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொன்னால் கை இன்னும் பூட்டிக்கொள்ளும். திடீரென்று பக்கத்தில் பெரிய சத்தம் கேட்டாலும் உடம்பு முழுக்கத் தூக்கிப்போடும். அதனால் அவனுக்குப் பின்னால் யாரையும் மேளம் தட்ட வைக்காதீர்கள்.

கருவியைவிட அவன் உட்காரும் விதம் முக்கியம். பாட்டு வகுப்பென்றால் தரையில் சம்மணம் என்பது நம் பழக்கம். அவனால் அப்படி உட்கார முடிந்தாலும், விழாமல் இருக்கவே பாதி பலம் போய்விடும். நாற்காலியில் உட்கார வையுங்கள். பாதம் இரண்டும் தரையில் படவேண்டும்; எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை போடுங்கள். முழங்கை உயரத்தில் மேசை, அதன்மேல் ஒரு டோலக்கை நிமிர்த்தி, ஒரு முகம் மேலே பார்க்கும்படி பிரிமணையில் இறுக்கி வையுங்கள். உள்ளங்கையால் தட்ட முடிந்தால் குச்சியே வேண்டாம். முடியாவிட்டால் குச்சியின் பிடியில் துணி சுற்றி, மேலே சைக்கிள் ஹேண்டில் ரப்பரை மாட்டித் தடிமனாக்கிக் கொடுங்கள். ஒல்லியான பிடியை அழுத்திப் பிடிக்க அவன் படும் பாட்டில் கை முழுவதும் இறுகிவிடும். மானாமதுரை கடம் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கட்டுப்பாடு குறைந்த கை வேகமாக வந்து விழும்போது அந்தச் சுட்ட மண் விரல் கணுவைப் பதம் பார்த்துவிடும். அவனுக்கு அது வேண்டாம்.

இனி அவன் தட்டும்போது என்ன பார்க்கவேண்டும் என்பதற்கு வருவோம். முதல் வாரம் அவன் தட்டு நிச்சயம் பிந்தி வரும். கேட்டவுடன் "தாளம் தப்புது" என்று முடிவு கட்டவேண்டாம். பெற்றோர் அனுமதியோடு செல்போனில் நாலு ஆவர்த்தனம் வீடியோ எடுத்து, பிள்ளைகளின் கை சமத்தில் விழும் நேரத்தையும் அவன் கை விழும் நேரத்தையும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே அளவு பிந்தினால் தாளம் அவன் மனதில் சரியாக ஓடுகிறது. நினைத்ததற்கும் கை இறங்குவதற்கும் நடுவில் ஆகும் தாமதம் அது, அவ்வளவுதான். சில தடவை முந்தி, சில தடவை பிந்தி என்று சிதறினால் கணக்கு இன்னும் உள்ளே இறங்கவில்லை என்று பொருள். கருவியை ஒதுக்கிவிட்டு வாயால் எண்ணவோ, தலையசைக்கவோ திரும்பப் போகவேண்டும். முதல் இரண்டு ஆவர்த்தனம் நன்றாக வந்து, போகப்போகப் பிந்துவது கூடிக்கொண்டே போனால் அது களைப்பு. அங்கே நிறுத்துங்கள், கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பிக்கலாம்.

ஒரே அளவில் பிந்துவதைச் சரிசெய்ய எளிய வழி ஒன்று இருக்கிறது. தட்டுக்கு முந்திய எண்ணிக்கையில் "தூக்கு" என்று சொல்லுங்கள். 4இல் தூக்கினால் 5இல் விழும், 6இல் தூக்கினால் 7இல், 8இல் தூக்கினால் அடுத்த சமத்தில். அந்த 6உம் 8உம் மற்றப் பிள்ளைகள் வீச்சு போடும் இடம். அவர்கள் கை மேலே திரும்பும்போது இவன் கையும் மேலே போகிறது. சில வாரத்தில் நீங்கள் வாயால் சொல்வதை விட்டுவிடலாம். அவர்கள் வீச்சைப் பார்த்தே தூக்கிக்கொள்வான்.

இதை அவனுக்கு மட்டும் தனியாக வைத்தால் மறுபடியும் ஓரத்தில் உட்கார வைத்த கதைதான். வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு கூட்டம் 1, 5, 7 மட்டும் தட்டட்டும். இன்னொன்று வழக்கமாக விரல் எண்ணித் தாளம் போடட்டும். மூன்றாவது "தகதிமி தகஜணு" என்று எட்டு எழுத்தையும் சொல்லட்டும். நாலு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளட்டும். பையன் தட்டும் கூட்டத்திலும் இருப்பான், சொல்லும் கூட்டத்திலும் இருப்பான். இன்னொன்றும் கவனிப்பீர்கள்: விரலை மளமளவென்று மடக்கும் பிள்ளைகளில் பலர், இடையில் சும்மா இருந்து 5இல் தட்டச் சொன்னால் தடுமாறுவார்கள். பக்கத்துப் பிள்ளையின் விரலைப் பார்த்தே காலம் தள்ளியவர்கள் யாரென்று அப்போது தெரிந்துவிடும்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். பாட்டு ஆரம்பிக்கும் முன் தினமும் ஒரு நிமிடம் அவளோடு செலவழியுங்கள். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை, உங்கள் வாய் தெரியாதபடி சொல்லவேண்டும். அவள் திருப்பிச் சொல்லவேண்டும். காது கேளாத பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் இதை லிங் சோதனை என்பார்கள். பேச்சின் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை இந்த ஆறிலும் அடங்கிவிடும். கையால் வாயை மூடாதீர்கள், ஒலி மாறிவிடும். எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய துணி மாட்டி வாய்க்கு முன் பிடித்தால் போதும். வரிசையையும் இடைவெளியையும் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மனப்பாடமாகச் சொல்லிவிடுவாள். ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு முறை, மூன்று மீட்டரில் ஒரு முறை. நேற்று வரை ஆறும் சொன்னவள் இன்று "ஸ்" சொல்லாமல் விழித்தால் அன்றைக்குக் கோளாறு கருவியில் இருக்கலாம்: பேட்டரி இறங்கியிருக்கும், மைக்கில் வியர்வையோ அழுக்கோ அடைத்திருக்கும். நீங்கள் கழற்றிப் பார்க்கவேண்டாம். வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். அன்று அவள் பாட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

சரளி வரிசை ஏன் சேரவில்லை என்பதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுக்கும் ராகத்திலேயே இருக்கிறது. காக்ளியர் இம்பிளான்ட் தாளத்தையும் சொற்களையும் நன்றாகக் கொண்டுசேர்க்கும். சுருதி வேறுபாட்டை மங்கலாகத்தான் கொண்டுசேர்க்கும். நம் காதுக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய செல்கள் செய்யும் வேலையை அங்கே பன்னிரண்டு முதல் இருபத்திரண்டு வரையிலான மின்முனைகள் செய்கின்றன. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்துதான் கேட்கும். இப்போது மாயாமாளவகௌளையைப் பாருங்கள். ச–ரி, க–ம, ப–த, நி–ச என்று நாலு இடத்தில் ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த கட்டைகள். நமக்கு முதல் பாடமாக இருக்கும் ராகம், அவளுக்குக் கேட்பதிலேயே மிகக் கஷ்டமான ராகங்களில் ஒன்று.

மோகனத்தில் அப்படி ஒட்டிய இடமே கிடையாது. ச ரி க ப த ச என்று எந்த இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு கட்டையாவது தள்ளியிருக்கும். வகுப்புக்கு மாயாமாளவகௌளையை நிறுத்தவேண்டும் என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு வகுப்பு மோகனத்தில் சின்ன வரிசைகளும் ஒரு பாட்டும் வையுங்கள், அவளும் சேர்ந்து பாடட்டும். மாயாமாளவகௌளை நடக்கும் நாளில் அவள் ஸ்வர எழுத்துகளையும் மூன்று காலத்தையும் தவறாமல் சொல்லவேண்டும். அதில் சலுகை கிடையாது. இரண்டாம் காலத்தில் அவள் மற்றவர்களைவிடச் சுத்தமாக இருந்தாலும் ஆச்சரியப்படவேண்டாம்.

உட்கார வைக்கும் இடத்தில் இரண்டு விஷயம். இம்பிளான்ட் உள்ள காது உங்கள் பக்கம் இருக்கவேண்டும், உங்கள் முகம் தெரியவேண்டும். சுருதிப் பெட்டி பாடும்போது ஓடட்டும். நீங்கள் பேசும்போது நிறுத்திவிடுங்கள். ஓயாத ரீங்காரத்துக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுப்பது அவளுக்குப் பெரும்பாடு. அதிர்வைத் தொட்டு உணர வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். நல்லதுதான், ஆனால் நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் ஆத்தங்குடிக் கல் பதித்த கெட்டித் தரை எதையும் கடத்தாது. வெறும் காலோடு நிற்கச் சொல்வதில் பயனில்லை. டோலக்கின் மரத்தில் இரண்டு உள்ளங்கையையும் வைக்கச் சொல்லுங்கள், அல்லது டோலக்கை வைத்த மர பெஞ்சிலேயே உட்கார வையுங்கள்.

சுருதியில் அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்துகொள்ள, "பாடு பார்ப்போம்" என்பது சரியான கேள்வி இல்லை. கேட்பதையும் பாடுவதையும் தனித்தனியாகப் பாருங்கள். ஹார்மோனியத்தில் ச–ப அல்லது ப–ச என்று இரண்டு ஸ்வரம் வாசியுங்கள். மேலே போனால் கையை உயர்த்தட்டும், கீழே வந்தால் இறக்கட்டும். உங்கள் விரல் அவள் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு அட்டையை நிறுத்துங்கள். துருத்தியை ஒரே அளவாகப் போடுங்கள். மேல் ஸ்வரத்தைச் சற்று பலமாக வாசித்தால் ஒலியின் அளவை வைத்தே சொல்லிவிடுவாள். பத்துக்கு ஐந்து சரி என்பது கண்ணை மூடிச் சொன்னாலும் வரும். எட்டோ அதற்கு மேலோ, அதுவும் வேறு வேறு நாளில் வந்தால்தான் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் ச–க, பிறகு ச–ரி2 என்று நெருக்கிக்கொண்டே வாருங்கள். எந்த இடைவெளியில் தடுமாறுகிறாளோ அந்த இடத்தைத் தேதியோடு குறித்து வையுங்கள். அதை அவள் ஆடியாலஜிஸ்ட்டிடம் காட்டச் சொல்லுங்கள். ப்ராசஸரில் இசைக்கென்று தனி அமைப்பு வைக்க முடியுமா என்பதையும் அவர்தான் சொல்வார். சில பிள்ளைகள் பயிற்சியில் நன்றாக முன்னேறுவார்கள், சிலருக்கு ஓர் அளவோடு நின்றுவிடும். எந்த வயதில் இம்பிளான்ட் வைத்தார்கள், ஒரு காதா இரண்டா என்பதையெல்லாம் பொறுத்தது அது. வீட்டாரிடம் எதையும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஏ கிரேடு விஷயத்தில் உங்கள் தலைமையாசிரியரோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் இரக்கத்தில் போட்ட ஏ, அடுத்த வருடம் வரும் ஆசிரியருக்கு ஒன்றும் சொல்லாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தன் 17ஆவது பிரிவில் பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் பிள்ளைக்கு ஏற்ற மாற்றம் செய்யச் சொல்கிறது. மாற்றிய முறையில் மதிப்பிடத்தான் அது வழிவிடுகிறது. மதிப்பிடாமல் விட்டுவிடச் சொல்லவில்லை.

வளரறி மதிப்பீட்டுப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் மூன்று சங்கதி எழுதினால் போதும்: என்ன செய்யச் சொன்னோம், எவ்வளவு உதவி கொடுத்தோம், எத்தனை ஆவர்த்தனம் நின்றது. உதவியை நாலு படியாக வைத்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்துச் செய்ய வைத்தது, சைகை காட்டியது, வாயால் நினைவூட்டியது, தானாகச் செய்தது. பையனின் பக்கம் இப்படி இருக்கலாம்: "ஜூன் நாலாம் வாரம். 1, 5, 7 தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் 'தூக்கு' சொல்ல வேண்டியிருந்தது. 2 ஆவர்த்தனம். பிந்துதல் ஒரே அளவு." செப்டம்பரில்: "அதே பணி. சமத்துக்கு மட்டும் சைகை. 5, 7 தானாக. 4 ஆவர்த்தனம். வகுப்பு இரண்டு ஆவர்த்தனம் கையசைக்காமல் ஓசையின்றி எண்ணியது, மூன்றாவது சமத்தில் சைகை இல்லாமலே சேர்ந்தான்." இந்தக் கடைசி வரிதான் சான்று. மற்றவர்கள் சத்தத்தைக் கேட்டு அவன் தட்டவில்லை, உள்ளே எண்ணியிருக்கிறான். இதைப் பார்த்து ஏ போட்டால் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பி என்றாலும் அப்படியே. பெண்ணுக்கு, தாளமும் சொல்லும் மற்றவர்களுக்கு உள்ள அதே அளவுகோல். சுருதிக்கு மட்டும் நான் சொன்ன மேலே-கீழே பதிவு.

வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் ஒரு தடவை உங்கள் பாட்டு வகுப்பு நடக்கும் நேரத்திலேயே வரச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் பெரும்பாலும் பாட வகுப்பை மட்டும்தான் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மேசை உயரத்தையும் பிடியையும் பிசியோதெரபிஸ்ட் ஒரு பார்வையில் சரிசெய்துவிடுவார்.

ஆண்டு விழாவுக்குக் கோலாட்டத்தை மாற்றிக் கும்மி வையுங்கள் என்பது என் கட்சி. தலை உயரத்தில் கோல் சுழலும் இடத்தில் காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டி நிற்கும் கருவியோடு ஒரு பிள்ளையை நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை. முப்பது சொச்சம் ஜோடிக் கோலின் சத்தத்தில் அவளுக்குப் பாட்டும் கேட்காது. கும்மியிலும் வட்டம் சுற்றும்போது முன்பாட்டுக்காரி அவளுக்குப் பின்னால் போய்விட்டால் உதடு தெரியாது. அதனால் முன்பாட்டு பாடும் பிள்ளை வட்டத்தின் நடுவில் நின்று, வட்டத்தோடு தானும் மெல்லத் திரும்பட்டும்.

அந்த நடு இடத்திலேயே பையனை நாற்காலி, மேசை, டோலக்கோடு உட்கார வையுங்கள். அவன் சமம் தட்டியபின் வட்டம் கைதட்டி அடி எடுக்கட்டும். வகுப்பில் அவன் உங்கள் தாளத்துக்குப் பிந்தினான். இங்கே தாளத்தை எடுத்துக் கொடுப்பவனே அவன், பிந்துவது என்ற பேச்சே எழாது. வேகம் மட்டும் அவன் கைக்குத் தகுந்தபடி இருக்கவேண்டும். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இரண்டாம் காலத்துக்கு ஏறாத மெல்லிய நடையாகப் பாருங்கள். நாலு சரணத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் அவன் கைக்கு ஓய்வாக ஒரு சரணத்தை வெறும் கைதட்டலாக விடுங்கள். ஒத்திகையை அந்த மேடையிலேயே, மைக் செட் போட்டு, குறைந்தது இரண்டு தடவையாவது பாருங்கள். ஸ்பீக்கர் பெட்டி இவர்கள் இருவருக்கும் பின்னால் இல்லாமல் பார்வையாளர் பக்கம் தள்ளி இருக்கவேண்டும் என்று மைக் செட்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.